ஆடியில் மாற்றிய கூலி

கேள்வி: வீட்டில் மிஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். பல வருடங்களாக ஒரே கூலிதான் வாங்குகிறேன். உயர்த்தினால் வாடிக்கையாளர்கள் போய்விடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சிலர் போவார்கள், சகோதரி. எனக்கும் போனார்கள். ஆனால் எத்தனை பேர் போனால் நமக்குக் கை கடிக்கும் என்பதை முதலில் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுங்கள். பயத்தில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

எங்கள் ஊர் கும்பகோணத்திலிருந்து குடவாசல் போகும் பஸ் சாலையை ஒட்டியது. லைனிங் வைத்த ஜாக்கெட்டுக்கு, லைனிங் துணியையும் நானே போட்டு, 200 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தேன். ஆரம்பத்தில் அது நல்ல கூலி. பிறகு துணி விலை ஏறியது, நூல் விலை ஏறியது, என் கூலி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. ஒருநாள் மகளுடைய பழைய கணக்கு நோட்டை எடுத்து எழுதிப் பார்த்தேன். லைனிங் துணி 60 ரூபாய். நூல், கொக்கி, ஊசி எல்லாம் சேர்ந்து 10 ரூபாய். கொக்கி வைத்து, கையால் ஹெம்மிங் செய்து தரும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு 25 ரூபாய். 95 போனால் என் கையில் நிற்பது 105. லைனிங்கை நனைத்து, உலர்த்தி, தேய்த்து, வெட்டி, தைத்து முடிக்கக் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஆகும். நனைக்காமல் தைத்தால் முதல் சலவையிலேயே லைனிங் சுருங்கி மேல் துணி உப்பிக்கொண்டு நிற்கும். அதனால் அந்த வேலையைக் குறைக்கவும் முடியாது.

கூலியை 280 ஆக்கினால் செலவு அதே 95தான், கையில் 185 நிற்கும். பழைய கூலியில் பத்து ஜாக்கெட் தைத்தால் 1050 ரூபாய். புதிய கூலியில் ஆறு தைத்தாலே 1110. பத்தில் நான்கு பேர் போனாலும் வருமானம் குறையாது, முதுகும் கொஞ்சம் ஓயும். இந்தக் கணக்கைப் போட்ட அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

சாதா ஜாக்கெட்டுக்கு மட்டும் கூலியை அதிகம் ஏற்றவில்லை. அதை உடுத்துகிறவர்கள் நடவுக்கும் களைக்கும் போகிறவர்கள். அவர்களுக்கு 20 ரூபாய் மட்டும் கூட்டினேன்.

ஆடி மாதத்தை வேண்டுமென்றேதான் தேர்ந்தெடுத்தேன். ஆடியில் கல்யாணம் இல்லை, அவசர வேலை இருக்காது. போகிறவர்கள் பாதி வேலையில் போக மாட்டார்கள், நாமும் நின்று பேச நேரம் இருக்கும். ஆனியில் துணி கொடுத்திருந்தவர்களுக்குப் பழைய கூலிதான் வாங்கினேன். அதில் கறாராக இருங்கள். கொடுத்த துணிக்குப் பின்னால் கூலி ஏற்றுவது நியாயம் இல்லை.

இனி ஆட்களுக்கு வருகிறேன். வேலைக்குப் போகும் ஓர் அம்மா, "உன் கைக்கு ஈடு கும்பகோணத்திலேயே இல்லை" என்று எப்போதும் சொல்வார். புதிய கூலியைச் சொன்னதும், "அதனால் என்னம்மா, விலைவாசி அப்படித்தானே இருக்கிறது" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார். அடுத்த வாரம் அவர் மகன் வந்து, "அம்மா அளவு ஜாக்கெட்டை வாங்கி வரச் சொன்னார்கள்" என்றான். நம் தொழிலில் இதைவிடத் தெளிவான சேதி கிடையாது. அளவு ஜாக்கெட் நம்மிடம் இருக்கும்வரை அந்த வீட்டு வேலை நம்முடையது. அது திரும்பிப் போனால் வேறு கடைக்குப் போகிறது என்று அர்த்தம். அந்த மாதம் அப்படிச் சில ஜாக்கெட்டுகள் போயின. ஒருவர்கூட விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

பேசியவர்கள் வேறு. மீன் கூடை சுமந்து விற்கும் ஓர் அத்தாச்சி வாசலில் நின்றபடியே ஆரம்பித்தார். "ஒரேயடியாக எண்பது ரூபாயா? மீனுக்கு நான் அப்படி ஏற்றினால் நீ வாங்குவாயா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டார். நான் நோட்டை எடுத்து 60, 10, 25 என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். "ஹெம்மிங் பண்ணுகிற பெண்ணுக்கு வெறும் இருபத்தைந்தா? அவளுக்கும் ஏற்றிக் கொடு" என்று அதற்கும் சண்டை போட்டார். பிறகு துணியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அடுத்த முறை வந்தபோது நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் சொன்னதில் நியாயம் இருந்ததால் ஹெம்மிங்குக்கு 30 ஆக்கிவிட்டேன்.

ஏன் இவர் இருந்தார், அந்த அம்மா போனார் என்று அளவு நோட்டைப் புரட்டியபோது எனக்கு விளங்கியது. அத்தாச்சிக்கு வலது தோள் அரை அங்குலம் இறக்கம், இத்தனை வருடம் கூடை சுமந்த தோள். துணியை மடித்துப் போட்டு வெட்டினால் இரண்டு தோளும் ஒரே அளவில்தான் விழும். இறங்கிய பக்கத்தில் கழுத்திலிருந்து அக்குள் நோக்கிச் சாய்வாகச் சுருக்கம் ஓடும், ஜாக்கெட் தோளை விட்டு நழுவும். அவருக்கு மடித்து வெட்டிய பிறகு, வலது பக்கத்தைத் தனியாகப் பிரித்துத் தோளையும் கைக்குழியையும் அரை அங்குலம் இறக்கி வெட்டுகிறேன். அளவு ஜாக்கெட்டை மட்டும் வைத்துத் தைக்கிற கடையில் இதைச் செய்ய மாட்டார்கள். உடுத்தி உடுத்தித் தளர்ந்த ஜாக்கெட் தோள் இறக்கத்தைக் காட்டாது. ஆளை நிற்க வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

என்னிடம் தங்கியவர்கள் பெரும்பாலும் இப்படிப்பட்டவர்கள்தான். கை வீங்கி ஒரு பக்கக் கைச்சுற்று அதிகமான பெரியம்மா, கூன் விழுந்ததால் முதுகு நீளம் கூடி முன் நீளம் குறைந்த ஆச்சி, பால் கொடுக்கிற தாய்மார்கள். எந்தக் கடையில் தைத்தாலும் பொருந்திவிடும் உடல்வாகு உள்ளவர்கள்தான் எளிதாகப் போனார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. 80 ரூபாய் மிச்சமாகும் இடத்துக்குப் போனார்கள், அவ்வளவுதான். விசுவாசம் என்பதைப் புகழ்ச்சியில் தேடாமல் இந்த அளவுகளில் தேடுங்கள் என்பேன்.

இன்னொரு வகையும் உண்டு. நடவுக்குப் போகும் ஒரு தங்கச்சி, லைனிங் வைத்துத்தான் தைப்பாள். கூலியைக் கேட்டதும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அக்கா, தை அறுப்பு வரைக்கும் சாதாவே தைத்துக்கொடுங்கள், காசு வந்ததும் லைனிங் போட்டுக்கொள்கிறேன்" என்றாள். இவளை இழந்த வாடிக்கையாளர் என்று கணக்கில் எழுதிவிடாதீர்கள். அவள் குறைத்தது துணியைத்தான். சாதா கூலியை அதிகம் ஏற்றாமல் விட்டது இவளைப் போன்றவர்களைக் காப்பாற்றியது. இரண்டையும் ஒரே அளவில் ஏற்றியிருந்தால் அவளுக்கு இறங்கி நிற்க ஒரு படி இருந்திருக்காது.

தீபாவளிக்கு முன்னால் திரும்பி வந்தவர்களும் இருந்தார்கள். வேறு இடத்தில் தைத்த ஜாக்கெட்டைக் கொண்டு வந்து, "கையைத் தூக்கினால் ஜாக்கெட் மேலே ஏறுகிறது, சரி செய்து கொடு" என்பார்கள். கைக்குழியைத் தேவைக்கு மேல் ஆழமாக இறக்கி வெட்டினால் அப்படித்தான் இழுக்கும். தையலுக்குள் துணி விட்டிருந்தால் கொஞ்சம் சரி செய்யலாம், வெட்டி எறிந்த துணியை யாராலும் ஒட்ட முடியாது. சரி செய்ய முடிந்ததற்குத் தனிக் கூலி வாங்கினேன். முன்பெல்லாம் இதை இலவசமாகவே செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன்.

புரட்டாசி முடிந்ததும் தீபாவளித் துணி வாங்குவதை நிறுத்திவிடுவேன். அந்த வருடம் அதற்குள் இடம் முழுவதும், ஆடியில் என்னை விட்டுப் போகாதவர்களுக்கே போய்விட்டது. வேலைக்குப் போகும் அந்த அம்மா ஐப்பசி பிறந்த பிறகு இரண்டு பட்டு ஜாக்கெட் துணியும் அளவு ஜாக்கெட்டும் எடுத்துக்கொண்டு வந்தார். மரியாதையாக உட்கார வைத்து, புதிதாக ஆளை அளந்து நோட்டில் எழுதி, கார்த்திகை முதல் வாரத்துக்குத் தேதி கொடுத்தேன். கூலி 280தான் என்று சொன்னேன். சரி என்று முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார்.