பாலத்தில் பூட்டிய ஈதர்: வாசகர் கேள்வி-பதில்

எத்திரியம் என்ற பிளாக்செயின் சங்கிலியிலிருந்து, சங்கிலிகளுக்கிடையே நாணயம் அனுப்ப உதவும் பாலம் வழியாக, சொலானா என்ற இன்னொரு சங்கிலிக்கு ஈதர் நாணயம் அனுப்பினேன். அங்கே வந்திருப்பது அதே ஈதர்தானா?

இல்லை. உங்கள் ஈதர் எத்திரியத்திலேயே, பாலத்தின் ஒப்பந்தம் என்ற தானியங்கி நிரலுக்குள் பூட்டப்பட்டிருக்கிறது. பூட்டியதற்குப் பாலத்தின் காவலர்கள் கையெழுத்திட்டதும் சொலானாவில் அதே அளவுக்குப் புதிய டோக்கன் அச்சிடப்பட்டது. அது அடகுச் சீட்டு மாதிரி. திருப்பிக் கொடுத்தால் சீட்டு அழிக்கப்பட்டு, ஈதர் விடுவிக்கப்படும். பெட்டி காலியானால் சீட்டுக்கு மதிப்பில்லை.

பூட்டாமலே அச்சிட முடியுமா?

முடிந்திருக்கிறது. 2022 பிப்ரவரியில் திருடர்கள் வார்ம்ஹோல் என்ற பாலத்தின் சொலானா பக்க நிரலிடம் போலிக் கணக்கு ஒன்றைக் காட்டி, கையெழுத்துச் சோதனை முடிந்துவிட்டதாக நம்பவைத்தார்கள். ஈடு எதுவும் இல்லாமல் 1,20,000 ஈதருக்கான டோக்கன் அச்சானது. அதில் பெரும்பகுதியைக் கொடுத்து, எத்திரியத்தில் மற்றவர்கள் பூட்டியிருந்த அசல் ஈதரை எடுத்துக்கொண்டார்கள்.

பணம் அனுப்பினேன், வரவில்லை. என்ன செய்வது?

எந்தப் பாலம், எந்தச் சங்கிலி, பரிவர்த்தனை எண் என்ன? மூன்றில் ஒன்றைக்கூட எழுதாமல் கேட்டால் நான் எதைப் பார்த்துச் சொல்வது? மீட்டுத் தருவதாக வரும் எவரிடமும் வாலட்டின் ரகசியச் சொற்களைக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் இதை எழுதுகிறேன்.

ரோனின் பாலத்துக்கு ஒன்பது காவலர்கள் இருந்தும் எப்படிக் கொள்ளை போனது? குறியாக்கத்தை உடைத்துவிட்டார்களா?

யாரும் எதையும் உடைக்கவில்லை. "பல கையெழுத்து இருக்கிறது, பயமில்லை" என்ற பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. கையெழுத்துகள் எத்தனை என்பதைவிட, கையெழுத்திடும் சாவிகள் எத்தனை பேரிடம் இருக்கின்றன என்பதே முக்கியம். ரோனினில் அப்போது ஒன்பதில் ஐந்து கையெழுத்து போதுமானதாக இருந்தது. அவற்றில் நான்கு சாவிகள் ஸ்கை மேவிஸ் என்ற ஒரே நிறுவனத்திடம் இருந்தன. திருடர்கள் அங்கே ஊடுருவியதும் நான்கும் போயின.

ஐந்தாவதின் கதைதான் கொடுமை. 2021 நவம்பரில் பயனர் நெரிசலைச் சமாளிக்க, காவலர்களில் ஒன்றான ஆக்ஸி டிஏஓ என்ற அமைப்பு தன் சார்பில் கையெழுத்திட அந்த நிறுவனத்தை அனுமதித்தது. டிசம்பரில் ஏற்பாடு நின்றது. அனுமதியை யாரும் நீக்கவில்லை. அந்த வழியில் ஐந்தாவது கையெழுத்தும் கிடைத்தது. 2022 மார்ச் 23 அன்று இரண்டே பரிவர்த்தனைகளில் 1,73,600 ஈதரும் சுமார் இரண்டரைக் கோடி டாலர் மதிப்புள்ள யுஎஸ்டிசி என்ற கிரிப்டோ நாணயமும் வெளியேறின. மொத்தம் சுமார் 60 கோடி டாலர். வட கொரியாவின் லாசரஸ் குழுவே காரணம் என்றது அமெரிக்காவின் எஃப்பிஐ.

ஆறு நாள் யாருக்கும் தெரியவில்லை. ஒரு பயனர் 5,000 ஈதர் எடுக்க முயன்று முடியாமல்போனபோதுதான் வெளிப்பட்டது. பூட்டிய ஈதரும் அச்சிட்ட டோக்கனும் சமமாக இருக்கின்றனவா என்று ஒரு நிரல் நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்திருக்கலாம். இரண்டு எண்களும் சங்கிலியில் எவர் கண்ணுக்கும் தெரிபவை!

திருடர்கள் ஏன் பாலங்களையே தேடி வருகிறார்கள்?

ஆயிரக்கணக்கானோரின் பணம் ஒரே ஒப்பந்தத்தில் குவிந்திருக்கிறது. ஒரு சங்கிலியால் மற்றதை நேரில் பார்க்க முடியாது. இடையில் நிற்கும் சாட்சியை ஏமாற்றினால் போதும்.

அப்படியானால் பாலத்தையே பயன்படுத்தக் கூடாதா?

பயன்படுத்தலாம். வேலை முடிந்ததும் அசல் நாணயத்துக்குத் திரும்பிவிடுங்கள். அச்சிட்ட டோக்கனில் சேமிப்பை மாதக்கணக்கில் வைக்காதீர்கள்.