‘அஞ்சு மணிக்கே’வா, ‘அஞ்சு மணிக்குத்தான்’னா? சின்ன மெசேஜுல ஏ, தான் எங்க வரணும்

கேள்வி: சார், நான் சிங்கப்பூர்லயே பிறந்து வளர்ந்தவ, ஓ லெவல் வரைக்கும் தமிழ் படிச்சேன். மகளோட டான்ஸ் கிளாஸ் பேரண்ட்ஸ் குரூப்ல தமிழ்ல மெசேஜ் போடுறேன். ஒரு அக்கா ப்ராக்டிஸ் எத்தனை மணிக்குன்னு கேட்டாங்க, ‘நானே நேத்தே சொன்னேனே, அஞ்சு மணிக்குத்தான்’னு போட்டேன், கோச்சுக்கிட்டாங்க. காசு கட்டி சேர்ந்த ஆன்லைன் ஸ்போக்கன் தமிழ் கோர்ஸ்ல ஏ, தான் நிறைய சேர்த்தா இயல்பா இருக்கும்னு சொல்லிக்குடுத்தாங்க. ஒரு சின்ன வாக்கியத்துல எத்தனை போடலாம், எங்க போடணும்?

பதில்: அவங்க கோச்சுக்கிட்டதுல ஆச்சரியமே இல்லம்மா. உங்க வாக்கியத்துல நாலு இடத்துல அழுத்தம் இருக்கு, அதுல மூணு அவங்களைக் குத்துது. ‘நானே’ன்னா வேற யாரும் சொல்லல, நான் வேலை மெனக்கெட்டுச் சொன்னேன்னு அர்த்தம் வருது. ‘நேத்தே’ன்னா அவ்ளோ சீக்கிரமா சொல்லியும் உங்களுக்கு இன்னும் தெரியலையான்னு ஆகுது. ‘சொன்னேனே’ன்னா மறந்துட்டீங்களான்னு முகத்துக்கு நேரா கேக்குற மாதிரி. அந்த அக்காவுக்குத் தேவையான விஷயம் நாலாவதுல மட்டும்தான் இருந்துச்சு. ‘ப்ராக்டிஸ் அஞ்சு மணிக்குத்தான்க்கா, நாலரைக்கே வர வேணாம்’னு போட்டிருந்தா முடிஞ்சுது. இதுல ‘தான்’ ஒண்ணு, ‘ஏ’ ஒண்ணு, ஆனா ரெண்டும் வேற வேற துண்டுல இருக்கு. ஒரு வினைச்சொல்லைச் சுத்தி இருக்குற துண்டுக்கு ஒரு அழுத்தம், அவ்ளோதான் கணக்கு. ரெண்டாவது அழுத்தம் வந்துச்சுன்னா படிக்கிறவங்களுக்கு எதைப் பிடிச்சுக்கிறதுன்னு தெரியாது, கோவமா பேசுறீங்கன்னு எடுத்துக்குவாங்க.

எங்க போடணும்ங்கிறதுக்கு உங்க வாக்கியத்தைப் பார்க்காதீங்க, எதிர்ல இருக்குறவங்க மனசுல என்ன கேள்வி இருக்குன்னு பாருங்க. குரூப்ல ஒருத்தங்க ‘இந்த கேசரி யார் செஞ்சது?’ன்னு கேக்குறாங்கன்னு வைங்க, ‘நான்தான் செஞ்சேன்’. ‘இந்த கேசரி எந்தக் கடையில வாங்குனீங்க?’ன்னு கேட்டா, ‘நானே செஞ்சேன்’. முதல் கேள்வியில செஞ்ச ஆள் யாருன்னு தெரியல, நாலஞ்சு பேர்ல ஒருத்தரை எடுத்துக் காட்டணும், அதுக்கு ‘தான்’. ரெண்டாவதுல கடையில வாங்கினதா நினைச்சுட்டாங்க, இல்ல, என் கையால செஞ்சதுன்னு சொல்லணும், அதுக்கு ‘ஏ’. மாத்திப் போட்டுப் பாருங்க, யார் செஞ்சதுன்னு கேட்டவங்ககிட்ட ‘நானே செஞ்சேன்’னா அவங்க கேக்காத பெருமையைப் பேசுற மாதிரி ஆயிடும். தான் போடும்போது மனசுக்குள்ள ‘வேற இல்ல’ன்னு சேர்த்துப் பார்க்கணும். ‘நான்தான் செஞ்சேன், வேற யாரும் இல்ல’, பொருந்துது, வைங்க. ‘சாயங்காலம்தான் மழை பெய்யுது’ன்னு சும்மா வானிலை சொல்றப்ப வேற நேரத்தைப் பத்தி யாரும் கேக்கலையே, எடுத்துருங்க.

நேரம், காசு ரெண்டுலயும் கொஞ்சம் கவனம் வேணும், அதுலயும் நேரத்துல ஏவும் தானும் ஒண்ணுக்கு ஒண்ணு நேர் எதிர். ‘நேத்தே’ன்னா எதிர்பார்த்ததுக்கு முன்னாடி, ‘நேத்துதான்’னா எதிர்பார்த்ததுக்கு அப்புறம். டான்ஸ் டிரெஸ்ஸுக்குக் காசு வசூல் பண்றவங்க உங்ககிட்ட, இன்னும் வரலையேன்னு கேக்குறாங்க. ‘நேத்தே பேநவ்ல அனுப்பிட்டேன்’னு போட்டா, நான் லேட் பண்ணல, உங்க பக்கம் செக் பண்ணுங்கன்னு அர்த்தம். ‘நேத்துதான் பேநவ்ல அனுப்பினேன்’னு போட்டா, ஆமா கொஞ்சம் தாமதம் ஆயிடுச்சு, இப்பத்தான் அனுப்பினேன்னு ஒத்துக்கிறீங்க. நாள் அதே நாள், காசு அதே காசு, தப்பு யார் மேலங்கிறது மட்டும் மாறுது. வினைச்சொல்லும் கூடவே மாறுறதைக் கவனிச்சீங்களா? ஏ பக்கம் ‘அனுப்பிட்டேன்’னு முடிஞ்சு போனதா வரும், தான் பக்கம் வெறும் ‘அனுப்பினேன்’ போதும். மணிக்கும் இதே கதைதான், ‘ஏழு மணிக்கே வந்துட்டாரு’, ‘ஏழு மணிக்குத்தான் வந்தாரு’. ‘நேத்துதான்’ சில சமயம் ‘நேத்து, முந்தாநாள் இல்ல’ங்கிற அர்த்தத்துலயும் வரும், அதை முன்னாடி கேட்ட கேள்வியை வச்சுத்தான் கண்டுபிடிக்க முடியும். காசு விஷயத்துல ‘பத்து வெள்ளிதான்’னா கொஞ்சம்தான்னு அர்த்தம், ‘பத்து வெள்ளியே போதும்’னா அதுக்கு மேல வேணாம்னு அர்த்தம்.

இப்ப அந்த கோர்ஸ் விஷயத்துக்கு வரேன், சொல்லாம விட முடியல. ஏ, தான் சேர்த்தா இயல்பா இருக்கும்னு சொல்லி காசு வாங்குறவங்க ஊருக்கு ஊர் இருக்காங்க, இங்கயும் நிறைய. அவங்க நோட்ஸை வாங்கிப் பார்த்தா ‘நானே, நீயே, அவனே, நான்தான், நீதான், அவன்தான்’னு ஒரு பட்டியல், மேல ‘அழுத்தச் சொற்கள்’னு தலைப்பு, பக்கத்துல ஒரு வரி அர்த்தம் கூட இருக்காது. கொஞ்சம் படிச்சவங்களா இருந்தா தொல்காப்பியத்துல ஏகாரத்துக்கு அஞ்சு பொருள், நன்னூல்ல ஆறுன்னு எடுத்து ஒட்டிடுவாங்க. தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை, நன்னூல் கூடச் சேர்க்குற இசைநிறை, எல்லாம் உண்மைதான், ஆனா ஈற்றசையும் இசைநிறையும் செய்யுள் சமாச்சாரம், உங்க குரூப் மெசேஜுக்கு ஒண்ணைப் பிரிச்சுக் காட்டுற பிரிநிலையும் உறுதியா சொல்ற தேற்றமும் தெரிஞ்சா போதும். கோர்ஸ் எடுக்குறவர் ஒருத்தர்கிட்ட காசு கட்டுறதுக்கு முன்னாடி ‘நேத்தே’வுக்கும் ‘நேத்துதான்’னுக்கும் என்ன வித்தியாசம்னு கேளுங்க. ரெண்டும் அழுத்தம்னு பதில் வந்தா அங்க சேராதீங்க.

பிள்ளைங்களுக்குக் குடுக்குற பயிற்சித்தாளும் இதே மாதிரிதான் இருக்கு, எனக்கு அதுல பொறுமையே போயிடுச்சு. ‘அவன்____ வந்தான்’னு ஒத்தை வாக்கியம், அடைப்புல ஏ, தான், பொருத்தமானதை நிரப்பு. முன்னாடி யார் என்ன கேட்டாங்கன்னு இல்லாம இதுக்கு எப்படி பதில் சொல்றது? ரெண்டுமே சரி! வரமாட்டார்னு நினைச்ச ஆள் வந்தா ‘அவனே வந்தான்’, யார் வந்ததுன்னு கேட்டா ‘அவன்தான் வந்தான்’. ஒரு வரி உரையாடல் முன்னாடி போட எவ்ளோ இடம் ஆகிடப் போகுது? அதைப் போடாம பிள்ளை எழுதினதுக்குத் தப்புன்னு சிவப்பு மையில அடிச்சா, அது அப்புறம் எல்லாத்துலயும் ஏ போட்டுட்டுப் போயிடும், இல்லன்னா பயந்துக்கிட்டு எதையுமே போடாது.

பாராட்டுறப்ப ‘தான்’ போடவே போடாதீங்க. மேடையில ஆடின பிள்ளையோட அம்மாகிட்ட ‘நல்லாத்தான் ஆடினா’ன்னு மெசேஜ் போட்டா, அவங்க அடுத்த வரியில ‘ஆனா’ வரும்னு காத்திருப்பாங்க. ‘சாப்பாடு நல்லாத்தான் இருந்துச்சு’, ‘வந்தேன்தான்’, ‘படிச்சேன்தான்’, இதெல்லாம் ஒத்துக்கிட்டு அடுத்து ஒரு குறை சொல்றதுக்கான வாசல். ‘நல்லாவே ஆடினா’ பரவாயில்ல, ஆனா அதுலயும் நான் இவ்ளோ எதிர்பார்க்கலங்கிற வாசனை லேசா இருக்கு. ‘ரொம்ப நல்லா ஆடினா’ன்னு நேரா போடுங்க.

ஒரு துண்டுக்கு ஒரு அழுத்தம்னு சொன்னேன்ல, அதுக்கு ஒரு விலக்கு இருக்கு, அதை நல்லா பிடிச்சுக்கணும், ஏன்னா இல்லன்னு சொல்ற வாக்கியத்துல அந்தக் கணக்கு செல்லாது. ‘யாருமே வரவே இல்ல’. ரெண்டு ஏ, ஒரே வினை, ஆனா தமிழ் பேசுற யாருக்கும் இது அதிகமா தெரியாது. ‘யாரும் வரல’ன்னா வெறும் தகவல். ‘யாருமே வரல’ன்னா ஒருத்தர் கூட இல்ல. ‘யாருமே வரவே இல்ல’ன்னா ஒருத்தர் கூட இல்ல, எட்டிக்கூடப் பார்க்கலங்கிற வருத்தம் முழுசா வந்துடுது. இதுல ஏ எங்க ஒட்டுதுன்னு பாருங்க. ‘வரல’ங்கிறதைப் பிரிச்சு ‘வர’ ஒரு பக்கம், ‘இல்ல’ ஒரு பக்கம் ஆக்கி, ‘வர’ மேல ஏ வருது. ‘சொல்லவே இல்ல’, ‘கேக்கவே மாட்டான்’, ‘முடியவே முடியாது’ எல்லாம் இதே அமைப்பு. முடிவுல ஒட்டினீங்கன்னா விஷயமே வேற. ‘நீங்க சொல்லவே இல்ல’ன்னா ஒரு தடவை கூட சொல்லல. ‘நீங்க சொல்லலையே’ன்னா சொல்லியிருக்கணும், ஏன் சொல்லலன்னு குறைப்படுறீங்க. ‘நான் சொல்லலையே’ன்னா யாரோ உங்க மேல பழி போட்டிருக்காங்க, நீங்க மறுக்குறீங்க. கோவிச்சுக்குவாங்களோன்னு பயமா இருந்தா முடிவுல ஏ வைக்காதீங்க, நடுவுல வைங்க. ஆமான்னு சொல்ற வாக்கியத்துக்கு இந்த விலக்கு கிடையாது, ‘வரவே வந்தான்’னு யாரும் சொல்றதில்ல. ‘போயே போச்சு’ மாதிரி வேற உருவத்துல வரும், அதைக் கேட்டுப் பழகிக்கலாம்.

எழுத்துல ஒண்ணு மட்டும் பாருங்க, தானை ஒட்டி எழுதுங்க. ‘கவிதா தான் வர முடியாதுன்னு சொன்னாங்க’ன்னு இடம் விட்டுப் போட்டா, கவிதா தன்னால வர முடியாதுன்னு சொன்னாங்களா, இல்ல வர முடியாதுன்னு சொன்னது கவிதாவான்னு குழப்பம். ‘கவிதாதான்’னு ஒட்டிட்டா சொன்னது அவங்கதான்னு தெளிவாயிடும். போன் கீபோர்டு நடுவுல இடம் விட்டா அழிச்சுட்டு அனுப்புங்க. ‘கு’வுக்கும் ‘ஐ’க்கும் அப்புறம் த் வரும், ‘எனக்குத்தான்’, ‘அவரைத்தான்’.

ரெண்டும் சேர்ந்த ‘தானே’வை அழுத்தம்னு நினைச்சு போடாதீங்க, அது கேள்வி. ‘நாளைக்கு வர்றீங்கதானே?’ன்னா உறுதி கேக்குறது, யாருக்கும் கோவம் வராது. ‘நீங்கதானே சொன்னீங்க’ன்னு போட்டா நேரா பழி சுமத்துறது. அந்த அக்காகிட்ட இப்ப சமாதானம் பேசப் போறீங்கன்னா அதைத் தவிர்த்துட்டு, ‘அன்னைக்கு அவசரத்துல போட்டுட்டேன்க்கா, ப்ராக்டிஸ் அஞ்சு மணிக்கு’ன்னு அனுப்புங்க. மணி அவங்களுக்கு இப்ப தெரியும், அதனால இந்த மெசேஜுக்கு ஏவும் வேணாம், தானும் வேணாம்.