இணையப் பாடத்தை மேற்கோள் காட்டும்போது ஆண்டையும் எழுதுங்கள்

சுங்கை சிப்புட்டிலிருந்து ஓர் அம்மா கேட்டிருந்தார். மகன் பாலிடெக்னிக்கில் டிப்ளோமா இறுதியாண்டு. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் CS50x என்ற கணினி அறிவியல் அறிமுகப் பாடத்தை இலவசமாகப் பார்த்துப் பைத்தான் நிரல்மொழியைக் கற்றுக்கொண்டு, அதை வைத்தே புராஜெக்ட் செய்திருக்கிறான். “வீடியோ பார்த்துப் படித்ததை அறிக்கையில் எழுதினால் மார்க் குறைத்துவிடுவார்களா, ஐயா?” என்பதுதான் அவருடைய கவலை.

எழுதுவதால் குறையாதும்மா. எங்கிருந்து எடுத்தோம் என்று விரிவுரையாளர் போய்ப் பார்க்க முடியாதபடி எழுதினால்தான் குறையும். தம்பி அனுப்பிய பக்கத்தில் “மூலம்: யூடியூப், ஹார்வர்ட் பைத்தான்” என்று மட்டும் இருக்கிறது. இனி தம்பிக்கே சொல்கிறேன்.

CS50x ஒரே பாடம் அல்ல, தம்பி. ஒவ்வோர் ஆண்டும் புதிய பதிப்பு வருகிறது. விரிவுரைகளும் பயிற்சிகளும் மாறுகின்றன. நீ பார்த்தது 2024 பதிப்பின் 6ஆம் வாரம். அதன் பக்க முகவரியிலேயே ஆண்டு இருக்கிறது. அந்த ஆண்டை விட்டுவிட்டு cs50.harvard.edu/x என்று மட்டும் எழுதினால், திறக்கிறவருக்கு அப்போது நடப்பில் உள்ள பதிப்புதான் வரும். நீ சொன்ன உதாரணம் அதில் இல்லாமலும் போகலாம். அப்போது நீ இட்டுக்கட்டியதாக அவர் நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

உன் துறை கேட்பது ஏபிஏ என்ற மேற்கோள் முறை என்றாய். அப்படியானால் மூலங்களின் பட்டியலில் இப்படி வரலாம்:

```
Malan, D. J. (2024). CS50x 2024: Week 6,
Python [Video lecture]. Harvard University.
https://cs50.harvard.edu/x/2024/weeks/6/
```

முதலில் வருவது பேசியவரின் பெயர். இந்த விரிவுரையை நடத்துபவர் டேவிட் மாலன். ஆனால் அதே வாரத்துக்குள் குறும்பாடங்களும் உண்டு. அவற்றில் டக் லாய்ட் போன்ற வேறு ஆசிரியர்கள் பேசுகிறார்கள். நீ எடுத்த கருத்து அங்கிருந்து வந்தது என்றால் அவர் பெயரைத்தான் போட வேண்டும். பாடத்தின் முகப்பில் இருக்கும் பெயரை எல்லாவற்றுக்கும் போட்டுவிடுவது மாணவர்களிடம் நான் அடிக்கடி பார்க்கும் பிழை.

அடுத்தது தளம். இதே விரிவுரை ஹார்வர்டின் பக்கத்திலும் இருக்கிறது, எடெக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்திலும் யூடியூப்பிலும் இருக்கிறது. நீ எங்கே பார்த்தாயோ அதை எழுது. யூடியூப் என்றால் ஏபிஏ முறையில் ஆசிரியர் இடத்தில் வீடியோவை ஏற்றிய சேனலின் பெயர் வரும். தேதி, அது ஏற்றப்பட்ட நாள். மாலனின் பெயரை உன் வாக்கியத்துக்குள் சொல்லிக்கொள்ளலாம். அவர் சொன்னதை அப்படியே எடுத்து எழுதினால், பக்க எண்ணுக்குப் பதிலாக வீடியோவில் அந்தச் சொற்கள் தொடங்கும் நிமிடத்தையும் நொடியையும் அடைப்புக்குறிக்குள் கொடு. இரண்டு மணி நேரத்தைத் தாண்டும் விரிவுரையில் ஒரு வாக்கியத்தை யாரும் உட்கார்ந்து தேட மாட்டார்கள்.

எல்லாத் தளங்களும் ஆண்டை இப்படி வெளிப்படையாகக் காட்டுவதில்லை. ஆண்ட்ரூ இங் கோர்செராவில் நடத்திய இயந்திரக் கற்றல் பாடத்தையே எடுத்துக்கொள். பழைய பாடத்தில் பயிற்சிகளை ஆக்டேவ் மொழியில் செய்தார்கள். 2022இல் அதற்குப் பதிலாக வந்த புதிய தொடரில் பைத்தான். “ஆண்ட்ரூ இங் பாடம், 3ஆம் வாரம்” என்று மட்டும் எழுதினால் எது என்று யாருக்கும் விளங்காது. பதிப்பின் ஆண்டு எங்குமே கிடைக்காவிட்டால், ஊகித்து ஓர் ஆண்டைப் போடாதே. ஆண்டின் இடத்தில், தேதி இல்லை என்பதைக் குறிக்கும் n.d. என்று எழுதி, பக்கம் மாறக்கூடியது என்பதால் நீ பார்த்த தேதியை முகவரிக்கு முன்னால் சேர்:

```
Retrieved March 3, 2025, from https://...
```

சமர்ப்பிக்கும் முன் ஒரு சோதனை செய். பிரௌசரில் மறைநிலைச் சாளரத்தைத் திறந்து, உன் கணக்கில் நுழையாமலே அந்த முகவரியை ஒட்டிப் பார். கணக்கு கேட்கும் பக்கம் வந்தால், உள்ளே இருக்கும் வீடியோவின் முகவரிக்குப் பதிலாக எல்லோருக்கும் திறக்கும் பாட முகப்பின் முகவரியைக் கொடுத்து, பாடக்கூறின் பெயரையும் விரிவுரையின் தலைப்பையும் பட்டியலில் முழுதாக எழுது.

அம்மா, வேலை விண்ணப்பத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அங்கே வேண்டியது தம்பி பாடத்தை முடித்த தேதி. அது சான்றிதழில் இருக்கும். அறிக்கையில் வேண்டியது பாடத்தின் பதிப்பு. 2024 பதிப்பில் படித்த விரிவுரைக்குச் சான்றிதழில் உள்ள பிந்தைய தேதியைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். CS50x பாடத்துக்கு ஹார்வர்ட் குழு இலவசமாகத் தரும் சான்றிதழ் ஒன்று, எடெக்ஸில் பணம் கட்டி வாங்கும் சான்றிதழ் இன்னொன்று. தம்பியிடம் எது இருக்கிறதோ அதன் பெயரை உள்ளபடி எழுதட்டும். நேர்காணலில் அதைத் திறந்து காட்டச் சொன்னால் அவனால் தயங்காமல் காட்ட முடியும்.