கூடுதலாக வரும் பணம் எங்கே போகிறது?

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

எனக்கு 36 வயது. நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். இரண்டு சம்பளமும் சேர்ந்து 45 ஆயிரம், செலவு 44 ஆயிரம். கிரெடிட் கார்டில் 60 ஆயிரம் நிலுவை இருக்கிறது. மாதம் 3 சதவீத வட்டி. மினிமம் தொகையாக 3,000 மட்டும் கட்டி வருகிறோம், அது செலவுக் கணக்கிலேயே அடங்கிவிடுகிறது. நாத்தனாரிடம் வட்டியில்லாமல் வாங்கிய 40 ஆயிரமும் பாக்கி. அவர் கேட்பதில்லை. ஆனால் போனில் அவர் பெயரைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைப் பிசைகிறது. சேமிப்பு என்று எதுவும் இல்லை.

நான்கு மாதங்களாக இரவில் இரண்டு கடைகளுக்குக் கணக்கு எழுதித் தருகிறேன். 9,000, 6,500, 11,000, 5,500 என்று வந்தது. ஆனால் கையில் ஒன்றும் நிற்கவில்லை. வேலை இருக்கும் நாட்களில் சமைக்க முடியாமல் வெளியே வாங்குகிறோம். "அதான் உனக்கு எக்ஸ்ட்ரா வருதே" என்று கணவர் சாதாரணமாகச் சொல்வதுகூட எனக்குக் குத்துகிறது. முதலில் நாத்தனார் கடனை அடைத்துத் தலைநிமிர வேண்டும் என்று தோன்றுகிறது. கார்டை முடி என்கிறார் கணவர். அவசரத்துக்குச் சேர்த்து வை என்கிறார் அம்மா. யார் சொல்வது சரி?

— பெயர் வேண்டாம்

அன்புச் சகோதரிக்கு,

மூவர் சொல்வதும் சரிதான். வரிசைதான் வேறு. அதைச் சொல்வதற்கு முன், அந்தப் பணம் ஏன் நிற்கவில்லை என்று பார்த்துவிடுவோம். அது புரியாவிட்டால் எந்த வரிசையும் நிலைக்காது.

பணத்துக்கு மனம் தனித்தனிப் பெட்டிகள் வைத்திருக்கிறது. இதை 'மனக் கணக்கு' என்று ஆராய்ந்து எழுதியவர் ரிச்சர்ட் தேலர். பொருளியலுக்கான 2017ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றவர். சம்பளம் 'வீட்டுப் பணம்' என்ற பெட்டியில் விழுகிறது, அதைத் தொடத் தயங்குவோம். இரவு வேலைக்கு வருவது 'மேல்வரும்படி' பெட்டியில் விழுகிறது, அதில் கை தாராளமாகிவிடும். உங்கள் கணவர் சொன்னதில் குத்தல் இருந்திருக்க வேண்டியதில்லை. அவர் மனதில் அந்தப் பணத்துக்கு இன்னும் ஒரு வேலை ஒதுக்கப்படவில்லை, அவ்வளவுதான். வேலை ஒதுக்காத பணத்தை வீட்டில் ஆளுக்கொருவர் மனதுக்குள் ஒருமுறை செலவழித்துவிடுவார்கள். ஒரே 9,000 மூன்று பேர் மனதில் மூன்று செலவாகிவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. நீங்கள் வரவைத்தான் எழுதியிருக்கிறீர்கள், மிச்சத்தை எழுதவில்லை. நான்கு மாத வரவு 32,000. சராசரி 8,000. இதில் வெளிச் சாப்பாடு, கூடுதல் இன்டர்நெட், கடைக்குப் போய்வரும் செலவு எல்லாம் சேர்த்து மாதம் 2,000 என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் உண்மையான தொகை வேறாக இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். சம்பளத்தில் வரியைப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். பக்க வருமானத்தில் பெரும்பாலும் அப்படிப் பிடிப்பதில்லை. எனவே உங்களுக்கு வரி உண்டா என்று உறுதியாகத் தெரியும்வரை பத்தில் ஒரு பங்கை, அதாவது 800ஐ ஒதுக்கி வையுங்கள். மீதி 5,200. திட்டத்துக்கு 5,000 என்று எடுத்துக்கொள்வோம். உங்கள் பக்க வருமானம் உண்மையில் இவ்வளவுதான். வெளிச் சாப்பாட்டைக் குறைக்க முடிந்தால், ஒரு மணி நேரம்கூட அதிகமாக உழைக்காமலே இது உயரும். புதிதாக மூன்றாவது கடையைப் பிடிப்பதற்கு முன் இதைப் பாருங்கள்.

இப்போது வரிசைக்கு வருகிறேன்.

முதல் இரண்டு மாதப் பணம், 10,000, அம்மா சொன்னபடி அவசரத்துக்குப் போகட்டும். 3 சதவீத வட்டி ஓடும்போது பணத்தைச் சும்மா வைப்பதா என்று கணக்கு தெரிந்தவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கையில் ஒன்றும் இல்லாத வீட்டில் வண்டி பழுதானால் அந்தச் செலவு நேரே கார்டுக்குத்தான் போகும். மூன்று மாதம் கட்டிக் குறைத்தது ஒரே நாளில் ஏறி நிற்கும்போது மனம் உடைந்து, திட்டத்தையே விட்டுவிடுகிறார்கள். அதைத் தடுக்கத்தான் இந்தத் தொகை. எவ்வளவு வேண்டும் என்பதற்கு ஒரு வழி: கடந்த ஒரு வருடத்தில் எதிர்பாராமல் வந்த செலவுகளை எழுதி, பெரும் மருத்துவச் செலவு போன்ற அபூர்வங்களை நீக்கிவிட்டு, மிச்சத்தில் பெரியது எதுவோ அது. பெரும்பாலான வீடுகளில் நிபுணர்கள் சொல்லும் 'ஆறு மாதச் செலவை' விட இது மிகவும் சின்னத் தொகை. ஆறு மாதச் செலவைச் சேர்ப்பது கடன் முடிந்த பிறகு எடுக்க வேண்டிய வேலை.

மூன்றாம் மாதத்திலிருந்து கார்டு. உங்கள் 3,000இல் 1,800 வட்டிக்கே போகிறது, அசலில் குறைவது 1,200தான். மினிமம் தொகை வழக்கமாக நிலுவையில் ஒரு குறிப்பிட்ட சதவீதம். உங்களுக்கு அது 5 சதவீதம். நிலுவை குறையக் குறைய அதுவும் சுருங்கும். ஸ்டேட்மென்ட்டில் போட்டிருக்கும் மினிமத்தை மட்டும் கட்டிக்கொண்டே போனால், கடன் பாதியாவதற்கே இரண்டரை வருடத்துக்கு மேல் ஆகும். அதனால் ஸ்டேட்மென்ட் என்ன சொன்னாலும் சம்பளத்திலிருந்து 3,000 என்பதை மாற்றாதீர்கள். அதன் மேல் பக்க வருமானத்தின் 5,000 சேர்ந்தால் மாதம் 8,000.

கார்டில் பழைய பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்குவதற்கும் பெரும்பாலான கார்டுகளில் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். வட்டியில்லாத நாட்கள் கிடையாது. எனவே அதில் வாங்குவதை நிறுத்துங்கள். கார்டை அலமாரியில் பூட்டினால் மட்டும் போதாது. போன் ஆப்களில் சேமித்துவைத்த கார்டு விவரத்தை நீக்க வேண்டும், அதிலிருந்து ஆட்டோ டெபிட் ஆகும் சந்தாக்களை வேறு கணக்குக்கு மாற்ற வேண்டும். மாதம் 8,000 கட்டியும் நிலுவை ஆறாயிரத்துக்குக் குறைவாகவே இறங்கினால், எங்கோ புதுச் செலவு ஏறுகிறது என்று அர்த்தம். ஸ்டேட்மென்ட்டை வரிவரியாகப் பாருங்கள். மறந்துபோன ஒரு சந்தாவாகவே பெரும்பாலும் இருக்கும்.

இனி நாத்தனார். உங்கள் கடிதம் முழுக்க அவர்தான் இருக்கிறார். வட்டியில்லாத கடனைக் கடைசியில் வை என்பது கணக்கு. ஆனால் அந்தக் கடனுக்கு நீங்கள் வேறு விதத்தில் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். போனை எடுக்கத் தயங்குகிறீர்கள், அநேகமாக விசேஷங்களில் ஒதுங்கியும் நிற்பீர்கள். முழுத் தொகையையும் முதலில் அவருக்குக் கொடுத்தால் எட்டு மாதம் கார்டில் மினிமம் மட்டும்தான் போகும். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதற்குப் பதிலாக அந்த 5,000இல் மாதம் 1,000 அவருக்கும் 4,000 கார்டுக்கும் என்று பிரியுங்கள்.

இந்த நிம்மதிக்கு என்ன விலை என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு மாதம் 3,000 மட்டும் கட்டியபின் கார்டில் சுமார் 57,500 நிற்கும். அதன்பின் மாதம் 8,000 கட்டினால் ஒன்பதாம் மாதம் முடியும், வட்டி சுமார் 8,300. மாதம் 7,000 கட்டினால் பத்தாம் மாதம் முடியும், வட்டி சுமார் 9,600. வித்தியாசம் ஏறக்குறைய 1,300ம் ஒரு மாதத் தாமதமும். உங்கள் இடத்தில் இருப்பவருக்கு இது கொடுக்கத் தகுந்த விலை என்பது என் கருத்து. உறவில் இந்த உறுத்தல் இல்லாத இன்னொருவருக்கு இதையே நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் பணம் அனுப்புவதற்கு முன் அவரிடம் பேசிவிடுங்கள். இந்தப் பேச்சை உங்கள் கணவர் தொடங்குவது நல்லது, அவர் உடன்பிறப்பல்லவா? "அண்ணி, உங்க பணம் எங்களுக்கு மறக்கல. மூணாவது மாசத்துலேர்ந்து மாசம் ஆயிரம் வரும். கார்டு கடன் முடிஞ்சதும் மிச்சத்தை நாலு மாசத்துல முடிச்சிடுவோம்" என்று நீங்களும் ஒருமுறை சொல்லுங்கள். (அவர் இளையவர் என்றால் அண்ணி என்பதற்குப் பதில் வழக்கமாக நீங்கள் கூப்பிடுகிறபடி.) மன்னிப்பும் விளக்கமும் நீள வேண்டாம். தேதியும் தொகையும் சொன்னாலே பேச்சு எளிதாகும். "ஆயிரம் எதுக்கு, மொத்தமா குடு" என்று அவர் சொல்லவும் கூடும். அப்போது அவருக்கு அவசரத் தேவை இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் வரிசையை மாற்றலாம். அது கணக்கில் தோற்பது ஆகாது.

மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும் வருமானத்தை எப்படிப் பிரிப்பது? பக்க வருமானத்துக்கு மட்டும் தனியாக ஒரு வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இந்த மாதம் வந்ததை அடுத்த மாதம் 1ஆம் தேதி பிரியுங்கள், வந்த அன்றே வேண்டாம். முதலில் வரிக்கும் வேலைச் செலவுக்கும், அடுத்து நாத்தனாருக்கு 1,000, மிச்சமெல்லாம் கார்டுக்கு. 5,500 வந்த மாதத்தில் கார்டுக்குப் போவது குறையும், பரவாயில்லை. 11,000 வந்த மாதத்தில் 500 உங்களுக்கென்று எடுத்துக்கொள்ளுங்கள், யாருக்கும் கணக்குச் சொல்லாமல். இரவு பதினொன்றரை வரை உட்கார்ந்து எழுதுகிறவருக்குத் தன் உழைப்பில் ஒரு துளியும் கிடைக்காவிட்டால், ஒருநாள் வெறுத்துப்போய் அதைப்போலப் பத்து மடங்கு செலவழித்துவிடத் தோன்றும்.

கணவரிடம் இந்தப் பிரிப்பை ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். அடுத்த பணம் வருவதற்கு முன்பே காட்ட வேண்டும். வந்தபின் பேசினால் அது ஒருவரிடமிருந்து பிடுங்குவதுபோல் ஆகிவிடும். கார்டை முடிக்கச் சொன்னவர் அவர் என்பதால், மாதாமாதம் நிலுவைத் தொகையைத் தாளில் குறிக்கும் வேலையை அவரிடமே கொடுங்கள். புதிதாக எந்தத் தவணையும் இந்த வருமானத்தை நம்பி எடுப்பதில்லை என்று இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கடைகளில் ஒன்று நின்றுபோனால் அந்தத் தவணை சம்பளத்தின் தலையில்தான் விழும்.

தூக்கத்தையும் கவனியுங்கள். தொடர்ந்து சில வாரம் ஆறு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கி, பகல் வேலையில் பிழை வரத் தொடங்கினால், குறைவாகத் தருகிற கடையை விட்டுவிடுங்கள். சம்பளம் வரும் வேலைக்கு ஆபத்து வந்தால் இந்தக் கணக்கு எதுவும் நிற்காது.

கடைசி மாதம் கார்டைக் கட்டி முடித்ததும் அதோடு முடிந்தது என்று நினைத்துவிட வேண்டாம். ஸ்டேட்மென்ட் தேதிக்கும் நீங்கள் கட்டிய தேதிக்கும் இடைப்பட்ட நாட்களின் வட்டி, அடுத்த ஸ்டேட்மென்ட்டில் சின்னத் தொகையாக வரும். அதையும் கட்டி, நிலுவை பூஜ்யம் என்று காட்டும் ஸ்டேட்மென்ட் வந்தபிறகு, அந்த மாதத்திலிருந்து நாத்தனாருக்கு 1,000க்குப் பதில் 8,000 அனுப்பத் தொடங்குங்கள்.