மளிகைக் கடையில் கார்டு தேய்த்து வாங்கிய ரொக்கம்

கேள்வி: 640 ரூபாய்க்கு மளிகை வாங்கி, அதோடு 1,000 ரூபாய் ரொக்கமும் டெபிட் கார்டில் வாங்கினேன். கணக்கில் 1,640 போயிருக்கிறது. இது சரியா? கட்டணம் உண்டா?

சரிதான். பொருளுக்கும் ரொக்கத்துக்கும் சேர்த்து ஒரே தொகையாகக் கழிந்திருக்கிறது. பிரித்துப் பார்க்க வேண்டிய இடம் கடை ரசீது. ரொக்கத் தொகையை அதில் தனியாகக் காட்ட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வங்கிக் கணக்கு விவரத்தில் அந்தப் பிரிவு தெரியாமல் போகலாம் என்பதால் ரசீதை வாங்காமல் வராதீர்கள்.

கட்டணம் வங்கியைப் பொறுத்தது. விதித்தாலும் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உங்கள் 1,000 ரூபாய்க்கு அதிகபட்சம் 10 ரூபாய். கடைக்காரர் கையில் அதற்கு மேல் கேட்டால் கொடுக்காதீர்கள். கிரெடிட் கார்டுக்கு இந்த வசதியே கிடையாது.