யாழ்ப்பாணத்தில் முதல் சந்திப்பு: எங்கே?

"நான் கோண்டாவில், அவ சாவகச்சேரி. இணையத்தில்தான் பழக்கம். முதல் தரம் சந்திக்கவேணும், ஆனா ஆரும் கண்டு வீட்டில சொல்லிப்போடக் கூடாது. எங்க போகலாம்?"

ஆளில்லாத இடம் தேடாதேங்கோ. கோட்டை மதிலில் ரெண்டு பேர் நிண்டால் தூரத்திலேயே தெரியும், காணுறவைக்கு வேற விளக்கமும் தோன்றாது. கசூரினாக் கடற்கரை இன்னும் மோசம்: ஒரே மோட்டார்சைக்கிளில் காரைநகர்ப் பாலத்தைக் கடக்கவேணும், பிடிக்காட்டி அவவால தனியத் திரும்பவும் ஏலாது.

எல்லாருக்கும் ஒரு அலுவல் இருக்கிற இடம்தான் நல்லது. ஆஸ்பத்திரி வீதியில், கார்கில்ஸ் கட்டடப் பக்கம், உள்ளுக்கு இருந்து சாப்பிடுற கடை ஒண்டு பாருங்கோ. கிழமை நாளில் காலை பத்தரை மணி சரி. வேலைக்காரர் கந்தோரில், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். நல்லூர்ப் பக்கத்து ஐஸ்கிறீம் கடை பின்னேரத்தில் வேண்டாம், கோயிலால வாற குடும்பங்கள் அங்கதான் இருக்கும். திருவிழா 25 நாளும் அந்தப் பக்கமே போகாதேங்கோ, முழு ஊரும் அங்க.

உங்களைக் காட்டிக்குடுக்கிறது முகத்தைவிட மோட்டார்சைக்கிள்தான். அதைக் கடை வாசலில் விடாமல் பஸ்ஸில் வாங்கோ. அவவும் கண்டி வீதி பஸ்ஸில் வந்து, பஸ் நிலையத்தில் இறங்கி நடக்கலாம். மூலை மேசை வேண்டாம், ஒளிக்கிறமாதிரி இருக்கும். தெரிஞ்ச ஆள் வந்தால் நீங்களே முந்திக் கதையுங்கோ. முக்கால் மணித்தியாலம் போதும். பத்து நிமிஷ இடைவெளியில் வெளிக்கிடுங்கோ. கடையை அவவே தெரிவுசெய்யட்டும், எங்க போறா எண்டு நம்பிக்கையான சிநேகிதி ஒராளுக்குச் சொல்லிப்போட்டு வரட்டும்.