பிஎம்ஐ 20 என்றால் ஏன் ‘அதிக எடை’?

“செவிலியர் அம்மாவுக்கு வணக்கம். என் மகளுக்கு 9 வயது. உயரம் 132 செ.மீ., எடை 35 கிலோ. பிஎம்ஐ 20.1, 89-ஆவது சதமானம், ‘அதிக எடை’ என்று பள்ளி அறிக்கை சொல்கிறது. 20 நல்ல அளவுதானே?”

வணக்கம் அம்மா. 20 பெரியவர்களுக்கு நல்ல அளவு. வளரும் பிள்ளைகளுக்கு அந்த எண்ணை அப்படியே பார்க்கக் கூடாது; வயதும் பாலினமும் சேர்ந்தால்தான் பொருள். நீங்கள் பார்க்க வேண்டியது 89-ஐத்தான். அது மதிப்பெண் அல்ல, வகுப்புத் தோழிகளோடு ஒப்பிட்டதும் அல்ல. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2000-ஆம் ஆண்டு வளர்ச்சி வரைபடத்தில், இதே வயதுச் சிறுமிகள் நூறு பேரில் ஏறக்குறைய 89 பேரின் பிஎம்ஐ உங்கள் மகளுடையதைவிடக் குறைவு. 85 முதல் 95-க்குள் இருந்தால் ‘அதிக எடை’ என்று அச்சிடுவார்கள். இது நோய்க் கணிப்பு அல்ல. கொழுப்பையும் தசையையும் இந்தக் கணக்கு பிரித்தறியாது.

முதலில் உயரத்தைச் சரிபாருங்கள். காலணி, கொண்டை இல்லாமல், குதிகால் சுவரில் படும்படி நிறுத்தி அளந்துபாருங்கள். பிஎம்ஐ கணக்கில் கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுப்பதால் சிறு பிழையும் பெரிதாகும்: உண்மையில் 134 செ.மீ. என்றால் பிஎம்ஐ 19.5 ஆகிவிடும், ‘அதிக எடை’யின் எல்லைக்கு அருகே வந்துவிடுவாள்.

பிறகு குழந்தை மருத்துவரிடம் பழைய அளவுகளைக் கேளுங்கள். நான்கைந்து வயதிலிருந்தே 85, 90 என்று ஒரே போக்கில் வந்திருந்தால் அவசரமில்லை. ஓரிரு ஆண்டில் 60-லிருந்து 89-க்கு ஏறியிருந்தால் மருத்துவர் பார்க்கட்டும். அதுவரை அவள் சோற்றைக் குறைக்காதீர்கள், அம்மா. உயரம் கூடும் வயது இது. எடை அதிகம் ஏறாமல் உயரம் வளர்ந்தாலே சதமானம் இறங்கும்.